கையைக் கட்டிக்கொள்ள ஒரு கணக்கு

“நிஃப்டி 2 சதவீதம் சரிந்தால் கொஞ்சம் வாங்கு, வாங்கிய விலைக்கு மேல் 2 சதவீதம் ஏறினால் விற்றுவிடு.” பங்குச்சந்தையில் இதைப் போன்ற உத்திகளைப் பலர் கையாள்கிறார்கள். சந்தை மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் இது பலிக்கும். விழுந்தாலும் சில நாளில் எழுந்துவிடும்.

2020 ஜனவரி 14 அன்று நிஃப்டி 12,362-ல் முடிந்தது. பிப்ரவரி 28-ல் அது 11,201. மார்ச் 23-ல் ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்து 7,610-க்கு வந்தது. ஒவ்வொரு இறக்கத்திலும் வாங்கிக்கொண்டே போனவரிடம் அடிமட்ட விலை வந்தபோது பணம் மிஞ்சியிருக்காது. உத்தி மாறவில்லை, பருவம்தான் மாறிவிட்டது.

பருவம் மாறியதை அறிய இரண்டு அளவுகோல்கள் போதும். முதலாவது போக்கு. கடந்த 200 வர்த்தக நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 200-ஆல் வகுத்தால் ஒரு சராசரி கிடைக்கும். இன்றைய விலை அதற்கு மேலே இருந்தால் ஏறுமுகம், கீழே இருந்தால் இறங்குமுகம். விலைப்பட்டியல் கையில் இருந்தால் எக்செலில் `=AVERAGE(B2:B201)` என்ற ஒரு வரியே இதைச் சொல்லிவிடும்.

இரண்டாவது கொந்தளிப்பு. நிஃப்டி ஆப்ஷன்களின் விலையிலிருந்து, அடுத்த 30 நாட்களில் ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்கும் என்று சந்தை எதிர்பார்ப்பதைக் காட்டும் எண் இந்தியா விக்ஸ். அதை 16-ஆல் வகுத்தால் ஒரு நாளைய அசைவு சுமாராகத் தெரியும். விக்ஸ் 16 என்றால் நாளுக்கு 1 சதவீதம். 2020 மார்ச் உச்சத்தில் அது 70-ஐத் தாண்டியது, அதாவது நாளுக்கு 4 சதவீதத்துக்கும் மேல். 2 சதவீத இறக்கத்தை வாய்ப்பாகக் கருதும் உத்திக்கு அப்படிப்பட்ட சந்தையில் வேலையே இல்லை.

இனி விதி. விலை 200 நாள் சராசரிக்குக் கீழே இருந்தாலோ, விக்ஸ் 25-க்கு மேலே இருந்தாலோ, அந்த நிலை தொடர்ந்து மூன்று நாள் நீடித்தால் உத்தியை நிறுத்து. விலை சராசரிக்கு மேலே வந்து, விக்ஸும் 20-க்குக் கீழே இறங்கிய பிறகே மீண்டும் தொடங்கு. நிறுத்த 25, தொடங்க 20 என்று ஏன் இரண்டு எண்கள்? மாடித் தண்ணீர்த் தொட்டியின் தானியங்கி மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்கும் நிற்பதற்கும் ஒரே மட்டத்தை வைத்தால், தண்ணீர் சற்று அலைந்தாலே மோட்டார் நின்று நின்று ஓடும். இங்கே அப்படி நேர்ந்தால் ஒவ்வொரு முறையும் தரகும் வரியும் போகும்.

மூன்று நாள் காத்திருப்பின் அருமை 2024 ஜூனில் தெரிந்தது. தேர்தல் முடிவு வெளியான 4-ஆம் தேதி நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்து 21,884-ல் முடிந்தது. விக்ஸ் 26-ஐத் தாண்டியது. ஆனால் விலை 200 நாள் சராசரிக்கு மேலேதான் இருந்தது. மறுநாளே நிஃப்டி 22,620-க்கு ஏறியது, விக்ஸ் 19-க்குக் கீழே வந்தது. ஒரு நாள் அதிர்ச்சிக்கே நிறுத்தியிருந்தால் அந்த மீட்சி கைவிட்டுப் போயிருக்கும்.

2020-ல் இதே விதி மார்ச் முதல் வாரத்திலேயே, நிஃப்டி 11,200–11,300 அளவில் இருந்தபோது, கையைக் கட்டிப்போட்டிருக்கும். அதற்குப் பின் வந்த மூன்றில் ஒரு பங்குச் சரிவு தப்பியது. ஆனால் விலை மறுபடி சராசரியைத் தாண்டியது ஜூலையில், 11,000-ஐ ஒட்டித்தான். அப்போதும் விக்ஸ் 20-க்கு மேலே இருந்ததால் விதி இன்னும் காத்திருக்கச் சொல்லும். ஆக, 7,610-லிருந்து வந்த 44 சதவீத ஏற்றத்தில் துளியும் கிடைத்திருக்காது. வாங்கிவைத்துப் பொறுமையாக இருந்தவரைவிட இவர் பெரிதாக எதையும் சம்பாதிக்கவில்லை. இறக்கத்தில் வாங்கிக்கொண்டே போய் முதலை முடக்கிக்கொள்பவருக்கும், கடன் வாங்கி வர்த்தகம் செய்பவருக்கும்தான் இந்த வடிகட்டி உயிர்காக்கும்.

பழைய விலைகளை வைத்துச் சோதிப்பவர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். இன்றைய முடிவு விலையைப் பார்த்துவிட்டு இன்றைய விலையிலேயே விற்றதாகக் கணக்கெழுதுவது முதல் தவறு. நடைமுறையில் மறுநாள்தான் விற்க முடியும். எந்த எண் அதிக லாபம் காட்டுகிறதோ அதைப் பொறுக்கி எடுப்பது இரண்டாவது. 200-க்குப் பதில் 180, 220 போட்டுப் பாருங்கள். விடை ஓரளவு ஒத்துவந்தால் விதியில் சாரம் இருக்கிறது. 200-ல் மட்டும் பிரமாதமாக வந்தால் அது அதிர்ஷ்டம். 2008, 2020 போன்ற பெருஞ்சரிவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அத்தனை குறைந்த சாட்சிகளை வைத்துக்கொண்டு 25-ஆ, 24-ஆ என்று நுணுக்கிப் பார்ப்பதில் பொருளில்லை.