மழையில் எரியும் மஞ்சள் விளக்கு

ஸ்கூட்டரின் மீட்டர் பலகையில் இன்ஜின் வடிவில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு இருக்கும். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றால் ஏதோ கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோளாறோடு வண்டியை ஓட்டலாமா, கூடாதா என்று விளக்கு சொல்வதில்லை. வண்டியை நம்பிப் பிழைப்பவருக்குத் தெரிய வேண்டியதோ அது ஒன்றுதான்.

மூலக்கொத்தளத்தில் வசிக்கும் ஒரு டெலிவரி ரைடரை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி மாதம், மத்தியானத்திலிருந்து மழை. அவர் ஆறு மணிக்கு லாகின் ஆக வேண்டும். இரவு ஒரு மணி வரை ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஓட்டம் இருக்கும். மழைநாளில் ஆர்டர் அதிகம் வரும் என்பதால் இந்த ஷிஃப்டை விட அவருக்கு மனமில்லை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வீட்டுக்கு வந்தவர், ஐந்தே முக்காலுக்குத் திரும்ப ஸ்டார்ட் செய்கிறார். மஞ்சள் விளக்கு அணையவில்லை. தெருமுனையில் இருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோகிறார்.

"ண்ணா, இந்த லைட்டு எரிஞ்சிக்கினே கீது. நைட்டு ஃபுல்லா ஓட்டணும்."

"ஜெர்க் அடிக்குதா? சிக்னல்ல நின்னா ஆஃப் ஆவுதா?"

"அதெல்லாம் இல்லண்ணா. நல்லாத்தான் போவுது. பெட்ரோல் வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கலா அடிக்குது."

மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன் கேட்ட அந்த இரண்டு கேள்விகளிலேயே பாதி விடை இருக்கிறது. அது எப்படி என்று புரிய, இருக்கைக்கு அடியில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ்-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய ஸ்கூட்டர்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்தது கார்ப்பரேட்டர். அதில் கோளாறு வந்தால் திருப்புளியும் காதும் போதும். புதிய விதிகளுக்குப் பின் அந்த வேலை இசியு என்ற சின்னக் கணினிக்குப் போனது. எவ்வளவு காற்று உள்ளே போகிறது, ஆக்சிலேட்டர் எவ்வளவு முறுக்கப்பட்டிருக்கிறது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் உண்டு. இசியு எதையும் நேரில் பார்ப்பதில்லை. கம்பிகளின் வழியே வரும் வோல்டேஜை மட்டுமே படித்து, இன்ஜெக்டரை எத்தனை மில்லிவினாடி திறப்பது என்று முடிவு செய்கிறது.

ஆகவே மஞ்சள் விளக்கு எரிகிறது என்றால், இசியு ஏதோ ஒரு கம்பியை நம்புவதை நிறுத்திவிட்டது என்று பொருள். எந்தக் கம்பி என்பதுதான் அடுத்த கேள்வி.

மெக்கானிக் தன் ஸ்கேனரை வண்டியின் சோதனை கனெக்டரில் செருகுகிறார். திரையில் P0131 என்று வருகிறது. சைலன்சர் குழாயில் பொருத்தியிருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் குறைவாக இருக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள்.

இந்த சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டியின் மைலேஜ் பெரிதும் இதன் சொல்லைக் கேட்டுத்தான் அமைகிறது. பாஷ் நிறுவனத்தின் இத்தகைய சென்சார் 1976-ல் அமெரிக்கச் சந்தைக்கான வோல்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. அதன் முனையில் சிர்கோனியா என்ற பீங்கான் பொருள் இருக்கிறது. ஒருபக்கம் சூடான புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டு பக்கத்திலும் ஆக்சிஜன் அளவு மாறுபடும்போது அந்தப் பீங்கான், சுமார் முந்நூறு டிகிரிக்கு மேல் சூடான பிறகு, தானே சிறிது வோல்டேஜை உண்டாக்குகிறது. பெட்ரோல் அதிகமாகி, புகையில் ஆக்சிஜன் மிஞ்சாவிட்டால் ஏறக்குறைய 0.9 வோல்ட். பெட்ரோல் குறைந்து ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று தேவை. சுத்தமான பெட்ரோலுக்கான கணக்கு இது; எத்தனால் கலந்தால் சற்றுக் குறையும். இசியு அந்த அளவை ஒட்டியே கலவையை நிறுத்தப் பார்க்கிறது. 0.9 வந்தால் பெட்ரோலைச் சற்றுக் குறைக்கும், 0.1 வந்தால் சற்றுக் கூட்டும். அதனால் நலமாக இருக்கும் வண்டியில் இந்த வோல்டேஜ் ஓரிடத்தில் நிற்கவே நிற்காது. இன்ஜின் சூடாகி ஐடிலிங்கில் ஓடும்போது மேலும் கீழுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

நம் ரைடரின் வண்டியில் சுரங்கப்பாதைத் தண்ணீர் இந்த சென்சாரின் கனெக்டருக்குள் புகுந்துவிட்டது. சென்சார் உண்டாக்கும் மின்சாரம் மிகமிக மெல்லியது. கம்பிகளுக்கு நடுவே அழுக்கும் உப்பும் கலந்த ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும், வோல்டேஜ் கீழே இறங்கிவிடும். துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் இது இன்னும் எளிதாக நடக்கும். கடற்காற்றின் உப்பு ஏற்கெனவே செம்பு முனைகளில் பச்சை பிடிக்க வைத்திருக்கும். மழை அதை நனைத்தால் போதும்.

0.1 வோல்ட்டைப் பார்த்த இசியு பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறது. வோல்டேஜ் ஏறவில்லை. மேலும் ஊற்றுகிறது. அப்போதும் ஏறவில்லை. ரைடர் முகர்ந்த பெட்ரோல் வாசனை இந்தக் கட்டத்தில் வந்தது. இப்படித் திருத்திக்கொண்டே போக இசியுவுக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். இவ்வளவு ஊற்றியும் மாறாத ஒரு சொல் உண்மையாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு அது அங்கே வருகிறது. கோளாறு எண்ணைப் பதிவு செய்கிறது, விளக்கை ஏற்றுகிறது, அந்த சென்சாரைக் கேட்பதையே நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு தொழிற்சாலையில் எழுதி வைத்த அட்டவணையைப் பார்த்து உத்தேசமாகப் பெட்ரோல் விடுகிறது. பாதுகாப்புக்காக அந்த அளவு பெரும்பாலும் சற்றுத் தாராளமாகவே இருக்கும். வண்டி ஓடும், மைலேஜ் இறங்கும்.

மெக்கானிக்கின் முதல் கேள்விகளுக்கு இப்போது வரலாம். ஆக்சிஜன் சென்சார் போனால் அட்டவணையை வைத்து ஓட்டிவிடலாம். வெப்ப சென்சார் போனாலும் ஒரு நிலையான எண்ணை வைத்துச் சமாளிக்கலாம். கிராங்க் சென்சாருக்கு மட்டும் மாற்றே கிடையாது. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எப்போது பொறி விடுவது? அந்த வோல்டேஜ் அறுந்த கணம் இன்ஜின் நின்றுவிடும், அது எண்ணூர் சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலாக இருந்தாலும். விளக்கோடு ஜெர்க் அடிப்பது, ஆக்சிலேட்டரை முறுக்கினால் அடைப்பது, சிக்னலில் தானாக ஆஃப் ஆவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றைய ஷிஃப்டை விட்டுவிடுவதுதான் என் முடிவாக இருக்கும். அவை எதுவும் இல்லாமல் விளக்கு மட்டும் சீராக எரிந்தால், மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் போகலாம்.

P0131 வந்ததும் புது சென்சாரை வாங்கி மாட்டிவிடுவது பல இடங்களில் நடக்கும் தவறு. அந்த எண், சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. அந்தக் கம்பியில் வோல்டேஜ் குறைவு என்று மட்டுமே சொல்கிறது. சைலன்சர் கேஸ்கெட் கிழிந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும், இன்ஜெக்டர் அடைத்துப் பெட்ரோல் உண்மையாகவே போதாமல் போனாலும் இதே எண் வரலாம். அங்கெல்லாம் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

இவர் பழகிய மெக்கானிக். சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றிப் பார்க்கிறார். உள்ளே ஈரம், ஒரு முனையில் பச்சை. கான்டாக்ட் கிளீனரை அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, காற்றால் ஊதி உலர்த்துகிறார். பிறகு இன்ஜினைச் சூடாக்கி, மல்டிமீட்டரை சிக்னல் கம்பியில் வைக்கிறார். எண்கள் 0.2, 0.7, 0.3 என்று ஊசலாடத் தொடங்குகின்றன. சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. ஒருவேளை இன்னும் கீழேயே நின்றிருந்தால், ஆக்சிலேட்டரைச் சட்டென்று ஒருமுறை முறுக்கிப் பார்த்திருப்பார். அந்த நொடியில் கலவையில் பெட்ரோல் கூடும். அப்போது 0.8-க்குத் தாவினால் சென்சார் நல்லது, காற்றுக் கசிவைத் தேட வேண்டும். அப்போதும் அசையாவிட்டால்தான் சென்சாரையோ கம்பியையோ சந்தேகிக்க வேண்டும்.

கனெக்டரின் ரப்பர் வளையம் நைந்திருக்கிறது. அன்றைக்குப் புது வளையம் கையில் இல்லை. மின்முனைகளுக்கான கிரீஸைத் தடவி மூடி, ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துத் தருகிறார்.

"போய்ட்டு வா தம்பி. தண்ணில மட்டும் உடாத. நாளைக்கு வளையம் வாங்கி வைக்கிறேன்."

இதைச் செய்யாமல் விளக்கோடேயே கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு இரவுக்குக் கணக்குப் போடலாம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தந்த வண்டி 38-க்கு இறங்கியது என்று வைத்துக்கொண்டால், 120 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஐம்பது ரூபாய். ஒரு நாளைக்குத் தாங்கலாம். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, அதைச் சுட்டுக் கெடுக்கும். அதை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அந்த ரப்பர் வளையத்தின் விலை ஒன்றுமே இல்லை.

விளக்குக்குத் தெரியாதவையும் உண்டு. தண்ணீரில் இறங்கி வந்த வண்டியின் டிரம் பிரேக் நனைந்து பிடிக்காமல் போகலாம், பெல்ட் அறைக்குள் நீர் புகுந்து பெல்ட் வழுக்கலாம், டயர் தேய்ந்திருக்கலாம். இவை எதற்கும் இசியுவுக்குக் கம்பி கிடையாது. எனவே விளக்கு அணைந்த பிறகும் ரைடர் மூலக்கொத்தளத்தின் காலியான தெருவொன்றில் மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து உலர வைத்த பிறகே மெயின் ரோட்டுக்குப் போகிறார்.

ஒருவேளை ஸ்கேனர் இல்லாத மெக்கானிக்கிடம் போய், கனெக்டரை மட்டும் உலர்த்தியிருந்தாலும் பெரிய இழப்பில்லை. கோளாறு திரும்ப வராவிட்டால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களுக்குப் பின் இசியு தானே விளக்கை அணைத்துவிடலாம் என்று விதிகள் அனுமதிக்கின்றன. எண்ணை மட்டும் அது உடனே மறக்காது; இன்ஜின் குளிர்ந்து, மறுபடி சூடாவதை ஒரு சுற்று என்று கொண்டால், கோளாறு இல்லாத நாற்பது சுற்றுகளாவது கடந்த பிறகே அழிக்கும். அதனால் மழை விட்டதும் விளக்கு தானாக அணைந்துவிட்டது என்று சும்மா இருந்துவிடாமல் அடுத்த சில நாட்களுக்குள் ஸ்கேனர் உள்ள இடத்தில் காட்டினால், அன்று இரவு எந்தக் கம்பி நனைந்தது என்பதை அப்போதும் படித்துவிட முடியும்.