இன்றிரவு 9.30-க்குக் கரண்ட் கட்டா?

மாலை ஏழு மணி இருக்கும். மாடி வீட்டு அக்கா செல்போனைக் கையில் பிடித்தபடி வேகமாகப் படியிறங்கி வந்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். ராத்திரி ஒன்பதரைக்கு நம்ம கரண்டைக் கட் பண்ணிடுவாங்களாம். நான் போன வாரமே பில் கட்டிட்டேனே!"

"உட்காருங்கக்கா. டீ போடச் சொல்றேன். டீ ஆறுறதுக்குள்ள இது என்னன்னு பார்த்துடலாம்" என்றேன்.

செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. அதன் சாரம் இதுதான்: அன்புள்ள நுகர்வோரே, உங்களுடைய சென்ற மாத மின்கட்டணம் அப்டேட் ஆகவில்லை. ஆகவே இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே எங்கள் மின் அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும். கீழே ஒரு பத்து இலக்க செல்போன் எண். 2022-இல் நாடு முழுக்கப் பரவிய செய்தி இது. நேரமும் எண்ணும் மாறுமே தவிர வாசகம் பெரிதாக மாறாது.

"முதல்ல இதுல என்ன இல்லைன்னு பாருங்கக்கா" என்றேன். அக்காவின் பெயர் இல்லை. எவ்வளவு பாக்கி என்ற தொகை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மின் இணைப்பு எண் இல்லை. ஈபி ஆபீசுக்கு நம்மைப் பெயரால் தெரியாது, அந்த எண்ணால்தான் தெரியும். மண்டலம், பிரிவு, பகிர்மானம், இணைப்பு என்று அடுக்கி வரும் அந்த எண் இல்லாமல் எந்த வீட்டின் கரண்டை யார் துண்டிப்பது? அனுப்பியவருக்கு அக்காவின் வீடு தெரியாது. ஆயிரக்கணக்கான எண்களுக்கு ஒரே செய்தியைத் தூவுகிறார்கள். அதில் ஒன்று இங்கே வந்து விழுந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். நமக்கு 'சென்ற மாத பில்' என்று ஒன்று கிடையாது. மாதா மாதம் பில் வரும் ஊர்களையும் சேர்த்து எழுதிய வாசகம் அது.

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நான் கட்டினது ஒருவேளை அவங்க கணக்குல ஏறாம இருந்தா?"

அந்தச் சந்தேகத்தைக் கிளப்பத்தான் 'அப்டேட் ஆகவில்லை' என்ற சொல்லைப் போட்டிருக்கிறார்கள். 'நீங்கள் கட்டவில்லை' என்று எழுதியிருந்தால், கட்டியவர்கள் சட்டை செய்யாமல் விட்டிருப்பார்கள். 'அப்டேட் ஆகவில்லை' என்றால், கட்டாதவருக்குக் குற்ற உணர்ச்சி வரும், கட்டியவருக்குச் சந்தேகம் வரும். செல்போனில் பணம் கட்டும் எல்லோருக்கும், போய்ச் சேர்ந்ததா என்ற சின்ன உறுத்தல் எப்போதும் உண்டு. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது எத்தனை பேர் அலைந்தோம்! ஆபீசில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும் என்று நம்ப நாம் எப்போதும் தயாராகவே இருக்கிறோம்.

சரி, உண்மையிலேயே பாக்கி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இன்றிரவே துண்டிக்க முடியுமா? முடியாது. மின்சாரச் சட்டம், 2003, பிரிவு 56 இதைத் தெளிவாகச் சொல்கிறது. கட்டணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கும் முன், முழுதாகப் பதினைந்து நாள் அவகாசம் தந்து எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். நம்மூர் நடைமுறையில் ரீடிங் எடுத்த நாளிலிருந்து இருபது நாள் போல அவகாசம் கிடைக்கிறது. மூன்றாம் தேதி ரீடிங் எடுத்தார்கள் என்றால் இருபத்து மூன்றாம் தேதி வாக்கில்தான் கெடு. அந்தக் கெடு தாண்டினால் துண்டிப்பது உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு ஆள் வர வேண்டும். பகலில் வந்து, மீட்டர் பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போவார். பாக்கியையும் மறு இணைப்புக் கட்டணத்தையும் கட்டினால் திரும்ப மாட்டிவிடுவார். ராத்திரி ஒன்பதரைக்கு ஒருவருக்குப் போன் போட்டால் நிற்கும், போடாவிட்டால் போகும் என்று ஒரு துண்டிப்பு எந்த விதியிலும் இல்லை.

அப்படியானால் அந்த நேரம் எதற்கு? மாலைக்கு மேல் ஈபி ஆபீஸ் கவுண்ட்டர் மூடியிருக்கும், நேரில் போய்க் கேட்க முடியாது. இருட்டில் கிடக்கப் போகிறோமே என்ற பயம் வரும். விசாரிக்க வேறு வழி தெரியாதபோது கண்ணெதிரே இருப்பது அந்த எண் ஒன்றுதான்.

டீ வந்தது. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "சரி, கூப்பிட்டுத்தான் பார்த்தேன்னு வை. பேசினா பணம் போயிடுமா?" என்றார்.

வெறுமனே பேசினால் போகாது. பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, என் நண்பனின் அப்பாவுக்கு நடந்ததை வைத்துச் சொன்னேன். அவர் ஓய்வுபெற்றவர், கணக்கு வழக்கில் கெட்டி. இதே போன்ற செய்தி வந்ததும் கூப்பிட்டார். மறுமுனையில் மிக மரியாதையான குரல். "கவலைப்படாதீங்க சார், உங்க பணம் வந்துடுச்சு. சிஸ்டத்தில் அப்டேட் ஆகலை. பத்து ரூபாய் கட்டினா சரியாயிடும்" என்றது. பத்து ரூபாய்க்கு யார் யோசிப்பார்கள்? அவர்களுக்கு வேண்டியதும் அந்தப் பத்து ரூபாய் அல்ல. அதைக் கட்டும்போது அவர் விரல்கள் தட்டுவதுதான் வேண்டும்.

அடுத்து ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற ஒன்று. இவை கள்ளச் செயலிகள் அல்ல. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் தன் கடையில் இருந்தபடியே நம் திரையைப் பார்த்துச் சரிசெய்ய உதவும் நேர்மையான கருவிகள். அதனால்தான் பிளே ஸ்டோரிலேயே கிடைக்கின்றன. செயலியைத் திறந்ததும் திரையில் ஒரு எண் தெரிந்தது. அதைப் படிக்கச் சொன்னார்கள், படித்தார். திரையைப் பகிர அனுமதிக்கிறீர்களா என்று போன் கேட்டது, சரி என்று அழுத்தினார். அந்த நொடியிலிருந்து அவர் திரை வேறொருவரின் கண்முன்னும் விரிந்துகிடந்தது.

பல வங்கிச் செயலிகள் இப்படிப் பகிரும்போது தம் பக்கத்தைக் கறுப்பாக்கிவிடும். அதைத் தெரிந்து வைத்திருந்ததால், பத்து ரூபாயை ஒரு இணையப் பக்கத்தில் டெபிட் கார்டு மூலம் கட்டச் சொன்னார்கள். கார்டு எண், காலாவதி மாதம், பின்புறமுள்ள மூன்று இலக்கம் எல்லாவற்றையும் அவர் தட்டத் தட்ட அங்கே ஒருவர் எழுதிக்கொண்டார். பிறகு அதே கார்டை வைத்து வேறோரிடத்தில் பெரிய தொகைக்குக் கொள்முதல் தொடங்கினார். ஓடிபி நண்பனின் அப்பா போனில்தான் வந்தது. திரையின் மேல்பக்கம் இறங்கிய அந்த ஆறு இலக்கத்தை அங்கிருந்தே படித்துக்கொண்டார். "நான் யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லையே" என்று அவர் பிறகு திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான், அவர் சொல்லவில்லை. இரண்டு தவணையில் நாற்பத்தொன்பதாயிரம் போயிற்று.

இப்போது இதன் இன்னொரு வடிவமும் உலவுகிறது. வாட்ஸாப்பில் ஏபிகே கோப்பு ஒன்று வரும், மின்வாரியத்தின் பெயரோடு. நிறுவினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபிகள் தாமாகவே அங்கே போய்விடும், யாரும் பேசக்கூட வேண்டாம்.

"அப்போ உண்மையான செய்தியை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? பத்து இலக்க எண்ணுன்னாலே பொய்யா?" என்றார் அக்கா.

நல்ல கேள்வி. மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தின் எண்ணே 94987 94987 என்ற பத்து இலக்க எண்தான். ஆகவே எண்ணின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. எழுத்துப்பிழையை வைத்தும் முடிவு செய்யக்கூடாது, நாளைக்கே பிழையில்லாத தமிழில் எழுதுவார்கள். நிறுவனங்களின் செய்திகள் செல்போன் எண்ணிலிருந்து வராமல் எழுத்துகளாலான பெயரிலிருந்து வரும், 2025 முதல் அதன் இறுதியில் -S, -G போன்ற குறியும் இருக்கும் என்பது ஓர் உதவி. ஆனால் இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. செய்தியைச் சோதிக்க வேண்டாம், பில்லைச் சோதியுங்கள். வழக்கமாகக் கட்டும் செயலியில் நம் மின் இணைப்பு எண்ணைப் போட்டால் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் மின்னகத்தையோ நம் பிரிவு அலுவலகத்தையோ கூப்பிடலாம். எண்ணைக் கூகுளில் தேடி எடுக்கக்கூடாது, அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அக்கா அங்கேயே செயலியைத் திறந்து எண்ணைப் போட்டார். பாக்கி எதுவும் இல்லை என்று வந்தது. டீயின் மிச்சத்தை நிம்மதியாகக் குடித்தார்.

நண்பனின் அப்பா கதையில் நான் இன்னும் சொல்லாத ஒரு பகுதி இருந்தது. பணம் போனது இரவு எட்டரைக்கு. அவர் மகனிடம் சொன்னது மறுநாள் காலை பத்து மணிக்கு. இத்தனை படித்தும் ஏமாந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் இரவு முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்தப் பதிமூன்றரை மணி நேரத்தில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக் கைக்கெட்டாமல் போயிருந்தது.

அந்த இரவில் செய்திருக்க வேண்டியவை சிலவே. முதலில் போனை ஃபிளைட் மோடில் போட வேண்டும், திரைப் பகிர்வு அறுந்துவிடும். அடுத்து இன்னொருவர் போனிலிருந்து 1930-ஐக் கூப்பிட வேண்டும். எவ்வளவு போயிற்று, எத்தனை மணிக்கு, எந்த வங்கி, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இன்னும் இருந்தால் அதை முடக்க வழியுண்டு. பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிய வேண்டும். வங்கிக்கும் அப்போதே சொல்லி கார்டை நிறுத்த வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால் அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை உள்ள நட்டம் அவருடையது, தெரிவித்த பிறகு நடக்கும் நட்டம் வங்கியுடையது. ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் விலை இருக்கிறது.

அக்கா ஈபி கார்டின் பின்பக்கத்தில் மூன்று எண்களை எழுதச் சொன்னார்: அவர் வீட்டு மின் இணைப்பு எண், மின்னகம், 1930. எழுதிக் கொடுத்தேன். உங்கள் வீட்டு அட்டையிலும் இன்றே எழுதி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள்: தப்பித் தவறி ஏமாந்துவிட்டால் யாரும் திட்ட மாட்டோம், அந்த நிமிடமே எங்களிடம் சொல்லுங்கள்.