சாயம் போகும் சரக்கும் ஒரு கடிதமும்

ஈரோட்டிலிருந்து 200 பெட்ஷீட்டுகள் கடைக்கு வந்திறங்குகின்றன. சிலவற்றை நனைத்துப் பார்த்தால் சாயம் போகிறது. கடைக்காரர் உடனே மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுத வேண்டும். அதில் பில் எண், தேதி, எத்தனை உருப்படிகளைச் சோதித்தார், என்ன குறை என்பதெல்லாம் இருக்கட்டும். ஆனால் உயிரான வரி இதுதான்: "இந்தச் சரக்கை நாங்கள் ஏற்கவில்லை, கட்டிய பணத்தைத் திருப்பித் தாருங்கள்." தரம் சரியில்லை என்று மட்டும் எழுதினால் அது வெறும் புகாராகவே நின்றுவிடும்.

1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். பலருக்குத் தெரியாத சலுகை ஒன்றும் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, லாரி வாடகை கொடுத்துச் சரக்கைத் திருப்பி அனுப்பும் கடமை கடைக்காரருக்கு இல்லை. மறுப்பைத் தெரிவித்தாலே போதும். அதன்பின் ஒரு பெட்ஷீட்டைக்கூட விற்காமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.