எல்லைக்கு அப்பால் ஓர் அளவுகோல்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1992 ஏப்ரல் 1 அன்று குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் அது 4.25 டாலராகவே இருந்தது. கூலியைச் சட்டம் போட்டு உயர்த்தினால் முதலாளிகள் ஆட்களைக் குறைப்பார்கள் என்பது பொருளியல் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த கணிப்பு. அது உண்மையா என்று பார்க்க டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் இந்த எல்லையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்கள் கையாண்ட முறைக்கு ‘வேறுபாடுகளின் வேறுபாடு’ என்று பெயர். ஓர் அரசுக் கொள்கையின் விளைவை அளப்பதற்கு இன்று மிகப் பரவலாகக் கையாளப்படும் வழிகளில் இது ஒன்று.

சட்டம் வருவதற்கு முன், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், இரு மாநிலங்களிலும் சேர்த்து 410 துரித உணவகங்களிடம் தொலைபேசியில் விவரம் கேட்டார்கள். குறைந்த கூலிக்கு ஆள் வைக்கும் தொழில் என்பதாலும், எல்லாக் கிளைகளிலும் வேலை ஏறக்குறைய ஒன்றே என்பதாலும் இத்தகைய கடைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டம் வந்த பின், நவம்பர், டிசம்பரில், அதே கடைகளை மீண்டும் அணுகினார்கள். இடையில் நிரந்தரமாக மூடப்பட்ட கடைகளையும் விட்டுவிடாமல், அங்கே ஆட்கள் பூஜ்யம் என்று கணக்கில் சேர்த்தார்கள். இது மிக முக்கியமான நேர்மை. தாக்குப்பிடித்த கடைகளை மட்டும் எண்ணியிருந்தால், சட்டத்தால் நொடித்துப்போன கடை ஏதேனும் இருந்தாலும் அது கணக்கிலேயே வந்திருக்காது.

முதலில், சட்டம் நடைமுறையில் கூலியை உயர்த்தியதா? நியூ ஜெர்சிக் கடைகளில் புதிதாகச் சேருபவரின் சராசரிக் கூலி 4.61 டாலரிலிருந்து 5.08 ஆனது. பென்சில்வேனியாவில் 4.63, பின்னர் 4.62, மாற்றமில்லை என்றே சொல்லலாம்.

அடுத்தது ஆட்களின் எண்ணிக்கை. முழுநேரத்தவர் ஒருவரை ஒன்றாகவும் பகுதிநேரத்தவர் ஒருவரை அரையாகவும் கொண்டு ஒவ்வொரு கடையிலும் எண்ணினார்கள். நியூ ஜெர்சியில் கடை ஒன்றுக்குச் சராசரியாக 20.44 பேர் இருந்தார்கள். சட்டத்துக்குப் பின் 21.03 பேர். 0.59 கூடியிருக்கிறது. பென்சில்வேனியாவில் 23.33 பேர் இருந்த இடத்தில் 21.17 பேர், 2.16 குறைந்திருக்கிறது.

இந்த எண்களிலிருந்து ஒரு முடிவுக்கு வர எளிதாகத் தோன்றும் வழிகள் இரண்டு. இரண்டுமே தவறானவை. நியூ ஜெர்சியின் முன்பையும் பின்பையும் மட்டும் ஒப்பிட்டால், அந்த எட்டு ஒன்பது மாதங்களில் நடந்த எல்லாமே சட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். அப்போது அந்த வட்டாரத்தில் பொருளாதாரம் மந்தமாக இருந்தது. பருவமும் வேறு: ஓர் அளவீடு குளிர்காலக் கடைசியில் தொடங்கியது, மற்றது ஆண்டு இறுதியில் நடந்தது. சட்டத்துக்குப் பிந்தைய நிலையில் இரு மாநிலங்களையும் ஒப்பிட்டால் வேறொரு சிக்கல்: பென்சில்வேனியாக் கடைகளில் சட்டம் வருவதற்கு முன்பே ஏறக்குறைய மூன்று பேர் அதிகம். அந்த இடைவெளிக்கும் சட்டத்துக்கும் தொடர்பில்லை.

ஆகவே இருமுறை கழிக்க வேண்டும். முதல் கழித்தல் ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் நடக்கிறது: பின்பு இருந்ததிலிருந்து முன்பு இருந்தது கழிகிறது. இதனால் இரு மாநிலங்களுக்கும் இடையே நிரந்தரமாக உள்ள ஏற்றத்தாழ்வு நீங்கிவிடும். இரண்டாவது கழித்தலில் நியூ ஜெர்சியின் மாற்றத்திலிருந்து பென்சில்வேனியாவின் மாற்றம் கழிகிறது. இதனால் இரு இடங்களுக்கும் பொதுவான மந்தமும் பருவமும் நீங்கும். 0.59-இலிருந்து −2.16-ஐக் கழித்தால் 2.75. சட்டத்தால் கடை ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆள் கூடுதல் என்பதே இம்முறை தரும் விடை. எண்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். இந்த 2.75-இல் பெரும்பகுதி நியூ ஜெர்சியில் ஆட்கள் கூடியதால் வரவில்லை, பென்சில்வேனியாவில் குறைந்ததால் வந்தது. சட்டம் இல்லாதிருந்தால் நியூ ஜெர்சியிலும் அதே அளவு குறைந்திருக்கும் என்று நம்பினால்தான் விடை நிற்கும்.

முறையின் உயிர் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. அதற்கு ‘இணைப் போக்கு’ அனுமானம் என்று பெயர். இரு குழுக்களும் ஒரே நிலையில் இருக்க வேண்டியதில்லை. கொள்கை வந்திராவிட்டால் இரண்டும் ஒரே அளவில் ஏறியோ இறங்கியோ இருக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் சட்டம் வராத நியூ ஜெர்சி என்ற ஒன்றை எவராலும் பார்க்க முடியாது. எனவே இதை நேரடியாக நிரூபிக்க வழியில்லை. சுற்றிவளைத்துச் சோதிக்கத்தான் முடியும்.

கார்டும் க்ரூகரும் செய்த ஒரு சோதனை அழகானது. நியூ ஜெர்சிக்குள்ளேயே சில கடைகள் சட்டத்துக்கு முன்பே 5 டாலரோ அதற்கு மேலோ கொடுத்துவந்தன. சட்டம் அவற்றை ஏறக்குறையத் தொடவே இல்லை. பென்சில்வேனியா சரியான அளவுகோல் என்றால், இந்தக் கடைகளும் அதைப் போலவே நடந்திருக்க வேண்டும். நடந்தன: அங்கே 2.04 பேர் குறைந்திருந்தார்கள். முன்பு 4.25 டாலர் மட்டும் கொடுத்துவந்த கடைகளிலோ 1.32 பேர் கூடியிருந்தார்கள். எல்லையைத் தாண்டாமலேயே அதே திசையில் விடை கிடைத்தது.

இருந்தும் சர்ச்சை எழுந்தது. டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் இருவரும் தொலைபேசிப் பதில்களை நம்பாமல், கடைகளின் சம்பளப் பட்டியல்களைத் திரட்டி, நியூ ஜெர்சியில் வேலை குறைந்தது என்று வாதிட்டார்கள். பதிலுக்குக் கார்டும் க்ரூகரும் அரசின் வேலைவாய்ப்புப் பதிவுகளை எடுத்து, பெரிய பாதிப்பு இல்லை என்று 2000-இல் காட்டினார்கள். ‘கூடியது’ என்ற முதல் விடையை விட ‘குறைந்ததாகத் தெரியவில்லை’ என்பதே உறுதியான முடிவு. முதல் ஆய்வின்படியே பார்த்தாலும், 2.75-ஐச் சுற்றியுள்ள பிழை எல்லை பூஜ்யத்துக்குச் சற்று மேலே தொடங்கி ஐந்தரை வரை நீள்கிறது.

அந்த அரசுப் பதிவுகள் பல ஆண்டுகளுக்கு உரியவை. அவை இன்னொன்றையும் வெளிக்காட்டின. முதல் ஆய்வில் சட்டத்துக்கு முன் ஓர் அளவீடு, பின் ஓர் அளவீடு மட்டுமே. போக்கு என்று பேச இரண்டு புள்ளிகள் போதாது. நீண்ட தொடரைப் பார்த்தபோது, குறைந்தபட்ச ஊதியம் மாறாத காலத்திலும் இரு மாநிலங்களின் உணவக வேலைவாய்ப்பு தனித்தனியே ஏறி இறங்கியிருந்தது. இப்படித் தானாகவே விலகக்கூடிய இரண்டு கோடுகளுக்கு இடையே வரும் ஒரு விலகலைச் சட்டத்தின் மேல் மட்டும் ஏற்றுவது கடினம்.

இதிலிருந்து பிழை எல்லை பற்றியும் ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. கடைகள் நானூறுக்கு மேல் இருந்தாலும் மாநிலங்கள் இரண்டே. ஒரு மாநிலத்தைத் தாக்கும் அதிர்ச்சி அங்குள்ள எல்லாக் கடைகளையும் சேர்த்தே தாக்கும் என்பதால், நானூறு தனித்தனிச் சான்றுகள் இருப்பதாக எண்ணிக் கணக்கிட்டால் பிழை எல்லை உண்மையை விடக் குறுகலாகத் தெரியும். மரியான் பெர்ட்ரான்ட், எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் இதை நேராகவே சோதித்தார்கள். பெண்களின் ஊதியம் பற்றிய பல ஆண்டுத் தரவை எடுத்து, நடக்காத சட்டங்களை ஏதோ சில மாநிலங்களில் ஏதோ ஓர் ஆண்டில் நடந்ததாகக் கற்பனையாகப் பொருத்தினார்கள். நூற்றில் ஐந்து முறை மட்டும் ‘விளைவு உண்டு’ என்று தவறாகச் சொல்ல வேண்டிய வழக்கமான கணக்கு, நூற்றுக்கு நாற்பத்தைந்து முறை வரை அப்படிச் சொன்னது. அதன்பின் இம்முறையைக் கையாள்பவர்கள், பல மாநிலங்களையும் பல ஆண்டுகளையும் எடுத்துக்கொண்டு, சட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் இரு குழுக்களின் கோடுகளும் சேர்ந்து நகர்ந்தனவா என்பதை வரைந்து காட்டுகிறார்கள். பிழையை மாநில வாரியாகத் தொகுத்துக் கணக்கிடுகிறார்கள்.