எண்ணெய்ச் சட்டியும் நாற்பது பக்க நோட்டும்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஊருக்கு ஊர் புதுப் பலகாரக் கொட்டகைகள் முளைத்துவிடும். கல்யாண மண்டபத்தின் பின்கட்டு, வீட்டுக் கொல்லை, பூட்டிக் கிடந்த கடை என்று எங்காவது இரண்டு பெரிய அடுப்புகளை இறக்கி, முறுக்கும் மிக்சரும் அதிரசமும் கிலோ கணக்கில் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு சரக்கு மாஸ்டர், இரண்டு உதவியாளர்கள், மாவு பிசையவும் பாக்கெட் போடவும் நான்கைந்து பெண்கள். ஆர்டர் குவியும், தூக்கம் குறையும், தரையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். காயம் படுவதற்கு இதைவிட வசதியான இடமில்லை.

இத்தகைய கொட்டகையில் மிக ஆபத்தான பொருள் எதுவென்று கேட்டால் பெரும்பாலானோர் கேஸ் சிலிண்டரைக் காட்டுவார்கள். அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும் எண்ணெய் அதற்குச் சற்றும் இளைத்ததல்ல.

முறுக்கு வேகும் எண்ணெயின் சூடு ஏறத்தாழ 180 டிகிரி. 230 டிகிரியை ஒட்டிப் பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் புகையத் தொடங்கும். சூடு 350 டிகிரி அளவுக்குப் போனால் நெருப்பு படாமலே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். காலையில் ஊற்றிய புது எண்ணெயைவிட, நாள் முழுக்கப் பொரித்துக் கறுத்த எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகைய ஆரம்பித்துவிடும். அதனால் மாஸ்டருக்குக் காலையில் பிடிபட்ட கைக்கணக்கு மாலையில் உதவாது.

பதினைந்து லிட்டர் எண்ணெயுள்ள சட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாலை ஆறு மணி. ஒரு ஈடு முறுக்கை அரித்துப் போட்டுவிட்டு மாஸ்டர் போன் பேச வெளியே போகிறார். அடுப்பைக் குறைக்கவில்லை. பலகாரம் உள்ளே இருக்கும்வரை மாவின் ஈரம் ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது சட்டி வெறுமையாக இருப்பதால் சூடு விறுவிறுவென ஏறும். முதலில் காரமான நெடி வரும். அடுத்து மெல்லிய புகை. பிறகு கண் எரியும்படி புகை அடர்த்தியாகும். இந்த மூன்றும்தான் எண்ணெய் கொடுக்கும் அவகாசம். மெல்லிய புகை வந்ததுமே அடுப்பை அணைத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் சட்டியின் மேல்பரப்பு முழுவதும் தீயாக எழும்பும்.

அந்த நேரத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. நேராக அடியில் இறங்கும். அங்கே கண நேரத்தில் ஆவியாகும். ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 டம்ளர் இடத்தை அடைக்கும். அந்த ஆவி எரியும் எண்ணெயை மேலே வீசியடிக்கும். சட்டிக்குள் இருந்த தீ கூரைக்குப் போய்விடும். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சாக்கைக் கொண்டுவந்து மேலே போட்டாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது மூன்று. கைக்கு எட்டினால் கேஸை மூட வேண்டும். சட்டி வாயைவிடப் பெரிய தகர மூடியை, முகத்துக்கு முன்னால் கேடயம்போல் பிடித்து, தன் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கித் தள்ளியபடி மூட வேண்டும். பிறகு சட்டியை நகர்த்தாமல், மூடியைத் திறந்து பார்க்காமல், எண்ணெய் முழுக்க ஆறும்வரை விட்டுவிட வேண்டும். தப்பு நடப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில். அணைந்துவிட்டதா என்று ஐந்தாம் நிமிடத்தில் மூடியைத் தூக்கினால், உள்ளே சூடு தணியாத எண்ணெய் காற்றுப் பட்டதும் மறுபடி பிடித்துக்கொள்ளும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுபவர் எண்ணெயைத் தன் காலிலேயே கொட்டிக்கொள்வார்.

ஆகவே அந்த மூடி எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மரக்கைப்பிடி போட்ட தகர மூடி ஒன்று, அடுப்பிலிருந்து இரண்டு எட்டில், ஆணியில் தொங்க வேண்டும். அடுப்புக்குப் பின்பக்கச் சுவரில் மாட்டினால் தீயைத் தாண்டித்தான் எடுக்க முடியும். அது கணக்கில் சேராது. பல கடைகளில் சிவப்பு நிறத்தில் தொங்கும் பவுடர் அணைப்பான் தீயின் நாக்கை அமுக்கும். ஆனால் எண்ணெயைக் குளிர்விக்காது. அருகில் நின்று அடித்தால் அதன் வேகமே எண்ணெயைச் சிதறடிக்கும். சமையல் எண்ணெய்த் தீக்கென்றே ஈர ரசாயன அணைப்பான் தனியாக விற்கிறது. நாள் முழுக்கப் பொரிக்கும் இடத்துக்கு அதுவே சரி. மூடியாலும் அணைப்பானாலும் முடியவில்லை என்றால் அனைவரும் வெளியேறி 101-ஐ அழைப்பதுதான் வேலை. வீரம் காட்டும் இடமல்ல இது.

கூரை பற்றி ஒரு வார்த்தை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையற்கூடத்தில் தொடங்கிய தீ ஓலைக் கூரைக்குத் தாவியதே அந்தக் கொடுமைக்குக் காரணம். அதற்குப் பின்னும் கீற்றுப் பந்தலுக்கு அடியில் அடுப்பு மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது.

கேஸ் விஷயம் சுருக்கமானது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகப் படரும். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழைக்கலாம். டியூபில் கசிவு இருக்கிறதா என்பதைச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

தீப்பிடிப்பது எப்போதாவது நடப்பது. எண்ணெய் தெறித்துக் கை வேகுவது வாராவாரம் நடப்பது. அப்போது உதவிக்கு வருபவை பெரும்பாலும் டூத் பேஸ்ட், இங்க், தோசை மாவு, மஞ்சள். இவற்றில் ஒன்றுகூட உள்ளே இறங்கிய சூட்டை எடுக்காது. எண்ணெய் பட்டதோடு காயம் முடிந்துவிடுவதில்லை. தோலுக்குள் தங்கிய சூடு அடியில் உள்ள சதையைத் தொடர்ந்து வேகவைத்துக்கொண்டிருக்கும். அதை எடுக்கக்கூடியது ஓடும் குளிர்ந்த தண்ணீர் மட்டுமே, அதுவும் 20 நிமிடம். குழாய் இல்லையென்றால் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றலாம். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் சற்றே தணியும், “போதும், அடுத்த ஈடு போடணும்” என்று கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவார்கள். மீதி 18 நிமிடம்தான் கொப்புளத்தின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. உடனே செய்ய முடியாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினால் பலன் உண்டு. ஐஸ் கட்டி வைக்கக் கூடாது. அது வெந்த தோலை இன்னும் கெடுக்கும்.

தண்ணீர் ஓடும்போதே மோதிரம், வளையல், கைக்கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க நேரும். எண்ணெய் ஊறிய சட்டையையும் கழற்ற வேண்டும், தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காமல் விட்டுவிட வேண்டும். பிறகு சுத்தமான பிளாஸ்டிக் தாளையோ வெள்ளைத் துணியையோ தளர்வாகப் போர்த்தலாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். காயம்பட்டவரின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்துப் பார்த்தால் அது அவர் உடம்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். வெந்த இடம் அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு ஆகியவற்றில் பட்டிருந்தாலோ, குழந்தைக்குப் பட்டிருந்தாலோ 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவதே சரி. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

வெட்டுக் காயத்துக்கு நம் ஊர் மருந்து காபித்தூள். வாழைக்காய் சீவும் கட்டையில் கட்டைவிரல் நுனி போனால், டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து அப்பிவிடுவார்கள். ரத்தம் நின்றதுபோல் தெரியும். தையல் போடும் மருத்துவர் பிறகு அந்தத் தூளைச் சுரண்டி எடுக்க வேண்டும், நோயாளிக்கு அது இரண்டாம் வலி. ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து, 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலான வெட்டுகளில் ரத்தம் நின்றுவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை துணியை விலக்கிப் பார்த்தால், உறையத் தொடங்கியது பிய்ந்து மறுபடி முதலிலிருந்து.

ரத்தம் நின்றதும் ஒரு சோதனை. விரலின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மடக்கி நீட்டச் சொல்லலாம். கண்ணை மூடவைத்து, விரல் நுனியைக் காகிதத்தால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்கலாம். மடங்கவில்லை என்றால் தசைநார் அறுந்திருக்கலாம். உணர்வில்லை என்றால் நரம்பு அறுந்திருக்கலாம். மேலே பார்க்கச் சிறிய கீறலாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போயாக வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது, அங்கே அதையும் கேட்டுக்கொள்ளலாம்.

இத்தனையும் நடந்து முடிந்ததும் எல்லோரும் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. எழுதி வைப்பது. அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மணி, யார், என்ன செய்துகொண்டிருந்தார், எந்த அடுப்பு, உடம்பில் எங்கே பட்டது, என்ன முதலுதவி, பார்த்தவர் யார். காரணம் என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவதற்குத் தடை போட வேண்டும். அந்த ஒரு சொல் எழுதப்பட்டுவிட்டால் அதற்குமேல் யாரும் எதையும் தேட மாட்டார்கள்.

ஒரு கடையின் நோட்டில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். திங்கள் மாலை 5.40, இரண்டாம் அடுப்பு, இடது மணிக்கட்டில் எண்ணெய். புதன் 6.15, இரண்டாம் அடுப்பு, இடது முழங்கை. வெள்ளி 6.00, இரண்டாம் அடுப்பருகே ஒருவர் வழுக்கினார், காயமில்லை. ஆட்கள் மூன்று பேர், அடுப்பு ஒன்று, நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. அங்கே போய் நின்று பார்த்தால் விஷயம் புரியும். எண்ணெய் வடியும் கூடை சட்டிக்கு இடப்பக்கம் இருக்கிறது. வலக்கையில் சாரணியைப் பிடித்தவர் ஒவ்வொரு ஈட்டையும் சட்டிக்குக் குறுக்கே கொண்டுபோகிறார், இடக்கை சட்டிமேல் நீள்கிறது, வழியெல்லாம் தரையில் எண்ணெய் சொட்டுகிறது. கூடையை வலப்பக்கம் மாற்றி, அடியில் ஒரு தட்டு வைத்து, 5 மணிக்கு ஒருமுறை தரையில் மரத்தூள் தூவிப் பெருக்கினால் மூன்றுக்கும் ஒரே வைத்தியம். காயமில்லாத வெள்ளிக்கிழமைச் சம்பவத்தையும் எழுதியதால்தான் தரையின் மேல் கண் போனது.

நோட்டுக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்து ஈ.எஸ்.ஐ.-க்குள் வரும் இடம் விபத்துப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். வேலையில் பட்ட காயத்தால், அந்த நாளை விட்டுக் குறைந்தது மூன்று நாள் வேலைக்கு வர முடியாமல் போனால், சம்பளத்தில் 90 சதவீதம் வரை ஈ.எஸ்.ஐ. தரும். சேர்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்ற கேள்வி இதில் இல்லை. ஈ.எஸ்.ஐ. இல்லாத சின்னக் கொட்டகையில் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. இரண்டிலும், காயம் வேலை நேரத்தில்தான் பட்டதா என்பதே முதலில் எழும் கேள்வி. அன்றைக்கே எழுதி, பார்த்தவர் கையெழுத்திட்ட நான்கு வரி தொழிலாளிக்கும் உதவும், நேர்மையான முதலாளிக்கும் உதவும்.

இந்தத் தீபாவளிக்கு அடுப்பு மூட்டுகிறவர்கள், மளிகைச் சீட்டில் அந்த நோட்டையும் ஒரு பேனாவையும் சேர்த்துக்கொள்ளட்டும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 101, 108, 1906 என்று எழுதி, வாசற்பக்கம் தொங்கவிட்ட பிறகு முதல் ஈடு போடலாம்.