ஒரே கிண்ணத்தில் நான்கு எடை

வீட்டில் ஒரு சிறிய பிரெட் செய்ய மைதா 300 கிராம், உப்பு 6 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், தண்ணீர் 195 கிராம் வேண்டும். நான்கையும் நிறுக்க நான்கு கிண்ணம் தேவையில்லை. டிஜிட்டல் தராசில் TARE அல்லது T என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தும்போது தட்டில் என்ன எடை இருக்கிறதோ, அதைத் தராசு நினைவில் வைத்துக்கொண்டு 0 காட்டும். அதன்பின் போடுவதை மட்டுமே கணக்கில் சேர்க்கும். தூக்கு கொண்டுபோய் எண்ணெய் வாங்கும்போது கடைக்காரர் தூக்கின் எடையைக் கழிப்பது போலத்தான்.

தராசை ஆன் செய்து, 0 வந்ததும் காலிக் கிண்ணத்தை வையுங்கள். அது 412 கிராம் என்று கொள்வோம், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். TARE அழுத்தி மைதாவைக் கொட்டுங்கள். 312 வந்துவிட்டால், அடுத்த TARE-க்கு முன்பே 12 கிராமை அள்ளிவிட வேண்டும். அழுத்திவிட்டால் கூடுதல் மாவு கண்ணில் படாது. பிறகு TARE, உப்பு.

ஈஸ்ட்டில்தான் கவனம் வேண்டும். ஒரு கிராம் படியில் காட்டும் தராசு 3 என்றால், உள்ளே இருப்பது இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். மைதாவில் அரை கிராம் பெரிதல்ல, ஈஸ்ட்டில் அது ஆறில் ஒரு பங்கு. சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில தராசுகள் அசையாமல் 0-விலேயே நிற்கும். அதனால் கிண்ணத்தை இறக்கிவிட்டு ஈஸ்ட் டப்பாவை வைத்து TARE அழுத்துங்கள். ஸ்பூனால் எடுக்க எடுக்க எண் கழித்தல் குறியோடு இறங்கும். -3 வந்ததும் நிறுத்துங்கள். அதிகமாக எடுத்திருந்தால் டப்பாவிலேயே திருப்பிப் போடலாம்.

ஈஸ்ட்டைக் கிண்ணத்தில் சேர்த்து, கிண்ணத்தை மறுபடி தராசில் வைத்து TARE அழுத்துங்கள். தண்ணீர் ஊற்றுமுன் ஒரு சோதனை: கிண்ணத்தைத் தூக்குங்கள். திரையில் -721 தெரிய வேண்டும். 412, 300, 6, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை அது. ஓரிரு கிராம் வித்தியாசம் பரவாயில்லை. -715 என்றால் உப்பு விட்டுப்போயிருக்கலாம். கிண்ணத்தைத் திரும்ப வைத்தால் மீண்டும் 0 வரும். மாவில் விழுந்த தண்ணீரை எடுக்க முடியாது என்பதால், 185-ஐத் தாண்டியதும் மெல்ல ஊற்றுங்கள்.

பாதி ஊற்றும்போது போன் வந்து பேசிவிட்டுத் திரும்பினால், தராசு தானாக அணைந்திருக்கும். கிண்ணம் மேலேயே இருக்க ஆன் செய்தால் 0-விலிருந்து தொடங்கும். எவ்வளவு ஊற்றினோம் என்பது தெரியாது. கிண்ணத்தை இறக்கி, தராசை ஆன் செய்து, 0 வந்தபின் வையுங்கள். 841 காட்டினால், 721 போக 120 கிராம் தண்ணீர் விழுந்திருக்கிறது. TARE-ஐத் தொடாமல் 916 வரை ஊற்றினால் 195 கிராம் சரியாக இருக்கும்.