மெசேஜ் எண்ணிக்கையும் மனப் பொருத்தமும்

காதலாகுமா என்று இன்னும் தெரியாத முதல் சில வாரங்களில், இருவர் நேரில் சந்திப்பது வாரத்துக்கு ஒரு முறை இருந்தால் அதிகம். மற்ற நாட்களில் ஒருவரைப் பற்றி இன்னொருவருக்குக் கிடைக்கும் தடயம் வாட்ஸ்அப் மட்டுமே. அதனால் எத்தனை மெசேஜ் வந்தது, எவ்வளவு நேரத்தில் பதில் வந்தது என்பதே அக்கறையை அளக்கும் கணக்காகிவிடுகிறது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. அதற்கு முன் ‘பார்த்திருக்க மாட்டார்’ என்று மனதைத் தேற்றிக்கொள்ள இடமிருந்தது.

சிலருக்கு மெசேஜ் என்பது நாள் முழுக்க விட்டு விட்டு நடக்கும் அரட்டை. குடித்த டீ, பஸ்ஸில் கேட்ட பேச்சு எல்லாம் அதில் சேரும். வேறு சிலருக்கு அது ‘எத்தனை மணிக்கு, எங்கே’ என்று முடிவு செய்வதற்கான வழி, பேச்சு நேரில்தான். இரண்டு பழக்கமும் இந்த உறவுக்கு முன்பே, நண்பர்களோடும் வேலையிடத்திலும் படிந்தவை.

பொருந்தாமல் போவது எங்கே என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். சென்னையில் வீட்டிலிருந்தபடி மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு பெண். மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கும் ஓர் இளைஞர். டூட்டி நேரத்தில் அவருடைய போன் லாக்கரில் இருக்கும். காலை பத்தரைக்கு அந்தப் பெண் பால்கனியில் வந்து படுத்த பூனையின் படத்தை அனுப்புகிறார். ஒரு மணிக்கு ஆபீஸ் கதை. நான்கு மணிக்கு ‘பிஸியா?’ ஆறு மணிக்கு ‘சரி, விடுங்க.’ இரவு எட்டரைக்குப் போனைத் திறக்கும் இளைஞர் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி வரியைத்தான். எதற்குப் பதில் போடுவது, பூனைக்கா கோபத்துக்கா என்று புரியாமல், குளித்துவிட்டு நிதானமாக எழுதலாம் என்று வைத்துவிடுகிறார். மறுமுனையில் தெரிவது நீல டிக் மட்டும். ஒருவர் கேட்கக் கேட்க மற்றவர் ஒதுங்குவதும், ஒதுங்க ஒதுங்கக் கேள்வி கூடுவதும் தம்பதியரிடம் உளவியலாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவரும் சுழல். பழக்க வித்தியாசத்தைவிட இந்தச் சுழலே உறவை அதிகம் அரிக்கிறது.

இளைஞரின் மௌனம் வெறும் பழக்கம்தானா என்பதை மெசேஜுக்கு வெளியேதான் பார்க்க வேண்டும். தன் அண்ணனுக்கும் அவர் ராத்திரிதான் பதில் போடுகிறார். ஞாயிறு ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னால் ஐந்துக்கு வந்து நிற்கிறார். போன வாரம் பேச்சோடு பேச்சாகச் சொன்ன அம்மாவின் கண் ஆபரேஷனை நினைவில் வைத்து விசாரிக்கிறார். இது பழக்கம். இதற்கு மாறாக, நண்பர்கள் குரூப்பில் நாள் முழுக்க ஜோக் அடித்துக்கொண்டு, சந்திப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே, பொழுது போகாத இரவில் மட்டும் ‘என்ன பண்றே?’ என்று எட்டிப்பார்ப்பவரிடம் குறைவது மெசேஜ் அல்ல, ஆர்வம். அதைப் பழக்க வித்தியாசம் என்று சொல்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

இளம் வயதினரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தங்கள் மெசேஜ் பழக்கம் துணையின் பழக்கத்தை ஒத்திருப்பதாக உணர்ந்தவர்களிடம் உறவில் நிறைவு கூடுதலாக இருந்ததைக் கண்டது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே உறவில் இருந்தவர்கள். நிறைவாக இருப்பதாலேயே ஒற்றுமை கண்ணில் பட்டதோ என்ற கேள்வியும் உண்டு. அதை வைத்து முதல் மாதத்திலேயே தீர்ப்பு எழுத முடியாது.

தீர்ப்புக்கு உதவுவது, கேட்டுப் பார்ப்பது. ‘டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வரி போடுங்க, போதும்’ என்று அந்தப் பெண் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று வாரம் அந்த வரி வந்து, அதுவே அவருக்குப் போதுமானால் பிரச்சினை முடிந்தது. வரி வந்தும் பதினொரு மணிக்கெல்லாம் படபடப்பு திரும்பினால், விஷயம் எண்ணிக்கையில் இல்லை. குழந்தைகளின் பற்று பற்றிய பௌல்பி, எய்ன்ஸ்வொர்த் ஆகியோரின் கருத்துகளை 1987-இல் காதலுக்குப் பொருத்திக் காட்டிய ஹேசனும் ஷேவரும், விட்டுப்போய்விடுவாரோ என்று அஞ்சுபவர்களையும் நெருக்கம் கூடினால் திணறுபவர்களையும் பிரித்துக் காட்டினார்கள். அந்த ஒரு வரியைக் கேட்டதற்கே இளைஞர் ‘என்னைக் கட்டிப்போடறீங்க’ என்று சீறினால் அவரும் அந்த இரண்டாம் வகைக்கு அருகில் இருக்கக்கூடும். இப்படிப்பட்ட இருவர் சேரும்போது பொருத்தமின்மை நிஜமானது. சண்டைக்குப் பிறகு யார் முதலில் பேசுவது, விடுமுறையை யாரோடு கழிப்பது என்பதிலும் அதே இழுபறி வரும்.

எண்ணிக்கைக்கே அர்த்தம் இருக்கும் இடமும் ஒன்று உண்டு. ஆரம்ப வேகம் எல்லோருக்கும் கொஞ்சம் தணியும், அது இயல்பு. வேலையோ வீட்டு நிலைமையோ மாறாமல், தினமும் எழுதிய ஒருவர் திடீரென்று மூன்று நாளுக்கு ஒரு முறை எழுதினால், சந்திப்பும் கூடவே குறைந்தால், அங்கே ஒப்பிட வேண்டியது அவரை அவருடைய போன மாதத்தோடுதான்.